தமிழ்ச் சொல் விளையாட்டுக்கு யூனிட்டியா, கோடோவா?

சொல்தேடி · 26 அக்டோபர் 2025, இரவு 9.40

தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளுக்காக ஒரு போன் விளையாட்டு செய்ய வேண்டும். திரையில் ஒரு படம் இருக்கும், உதாரணமாகப் பூனைக்குட்டி. கீழே அதன் எழுத்துகள் கலைந்து கிடக்கும். வரிசையாகத் தொட்டால் சொல் அமையும். அவ்வளவுதான். முப்பரிமாணம் வேண்டாம், இணையம் வேண்டாம், இப்போதைக்கு விளம்பரமும் வேண்டாம்.

கல்லூரியில் சி கொஞ்சம் படித்தேன், அதோடு சரி. மடிக்கணினி ஐ3, 8 ஜிபி. பிள்ளைகள் வீட்டில் இருப்பவை பெரும்பாலும் 2 அல்லது 3 ஜிபி ராம் உள்ள பழைய ஆண்ட்ராய்டு போன்கள். யூனிட்டி, கோடோ என்ற இரண்டு விளையாட்டு என்ஜின்களில் எதில் தொடங்குவது? தேடினால் எல்லாம் பெரிய விளையாட்டுகளைப் பற்றியே பேசுகிறார்கள்.

சேலம் மாணவன் · 26 அக்டோபர், இரவு 10.05

டீச்சர், யூனிட்டி வேண்டாம். ஒவ்வொரு தடவை யாராவது இன்ஸ்டால் செய்யும்போதும் உங்ககிட்ட காசு கேப்பாங்க. கோடோ எம்ஐடி லைசென்ஸ், முழுக்க இலவசம்.

பழைய கோடர் · 26 அக்டோபர், இரவு 10.31

தம்பி, அது பழைய செய்தி. இன்ஸ்டால் கணக்குக் கட்டணத்தை யூனிட்டி அறிவித்தது 2023 செப்டம்பரில். ஒரே வருடத்தில், 2024 செப்டம்பரில், அதை ரத்து செய்துவிட்டார்கள். வருட வருமானம் 2 லட்சம் டாலரைத் தாண்டாதவரை பெர்சனல் பதிப்புக்குக் காசு கிடையாது. வகுப்புக்கு விளையாட்டு செய்பவருக்கு அந்தக் கவலை எழாது. அந்த அறிவிப்பால் பலர் கோடோ பக்கம் வந்தது உண்மை. ஆனால் இந்தக் கேள்விக்கு அது விடை ஆகாது.

டீச்சர், உங்கள் விளையாட்டில் முக்கியமான பொருள் தமிழ் எழுத்து. அதை வைத்தே முடிவு செய்யுங்கள். இரண்டையும் நிறுவி, இரண்டிலும் "கொக்கு" என்ற ஒரே சொல்லைத் திரையில் போட்டு, உங்கள் போனில் ஏற்றிப் பாருங்கள். வேறு எதுவும் செய்ய வேண்டாம். ஒரு வாரக் கடைசி போதும். கொக்கு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

பஸ் பிரியன் · 27 அக்டோபர், காலை 7.12

நானும் இதையே கேட்க வந்தேன். எனக்கு ஊட்டி மலைப்பாதையில் பஸ் ஓட்டுற மாதிரி 3டி விளையாட்டு செய்யணும். மழை, பனி, எதிரே லாரி எல்லாம் வேணும். கோடோ தாங்குமா?

பழைய கோடர் · 27 அக்டோபர், காலை 8.50

அது வேறு கேள்வி, தனி இழை போடுங்கள். பழைய போனில் 3டி மலைப்பாதை என்றால் நான் யூனிட்டிதான் சொல்வேன். இங்கே பேசுவது 2டி எழுத்துக் கட்டைகள்.

சொல்தேடி · 2 நவம்பர் 2025, மாலை 6.20

இரண்டையும் செய்து பார்த்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

யூனிட்டி 6. அதன் ஹப்பில் `Android Build Support` என்ற கட்டத்தில் டிக் போட்டால் ஜாவா, ஆண்ட்ராய்டு எஸ்டிகே, என்டிகே மூன்றும் அதுவே இறக்கிக்கொள்கிறது. எதையும் தேட வேண்டியதில்லை. ஆனால் பல ஜிபி. வீட்டு இணையத்தில் சனிக்கிழமை மதியம் முழுக்கப் போயிற்று. முதல் முறை போனுக்குக் கட்டி எடுக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. இரண்டாவது முறை அவ்வளவு ஆகவில்லை.

திரையில் எழுத்து வைக்க டெக்ஸ்ட் மெஷ் ப்ரோவைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை அதில் ஏற்றி, கொக்கு என்று அடித்தேன். முதலில் க. அதற்குப் பிறகு ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் ஒன்றாக ஒட்டி நின்றன. கடைசிக் கு-வில் க தனியாக, உகரக் குறி தனியாக. ஒரு பிள்ளை நோட்டில் இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பேன்.

கோடோ 4.5. எடிட்டர் சின்ன ஜிப் கோப்பு, விரித்தால் ஓடுகிறது, நிறுவவே வேண்டாம். அதே எழுத்துருவை `Project Settings`-இல் `GUI > Theme > Custom Font` என்ற இடத்தில் கொடுத்து, ஒரு `Label` வைத்து, கொக்கு. சரியாக வந்தது. கொம்பு முன்னால், கால் பின்னால், கு ஒரே எழுத்தாக.

ஆனால் கோடோவைப் போனுக்குக் கொண்டுபோவது எளிதாக இல்லை. ஏற்றுமதி டெம்ப்ளேட் ஒரு ஜிபி அளவு, அது தனி. ஜாவா தனி. ஆண்ட்ராய்டு எஸ்டிகே தனி. எல்லாவற்றின் பாதையையும் `Editor Settings`-இல் நானே காட்ட வேண்டியிருந்தது. ஞாயிறு காலை 9 மணிக்கு உட்கார்ந்து மதியம் 2 மணிக்குப் போனில் கொக்கு வந்தது.

சேலம் மாணவன் · 2 நவம்பர், இரவு 7.02

டீச்சர் யூனிட்டியிலயும் தமிழ் வரும். ஃபான்ட் அசெட் செய்யும்போது யூனிகோட் எல்லை 0B80 முதல் 0BFF வரை கொடுத்தீங்களா? அது கொடுக்கலைன்னா கட்டம் கட்டமா வரும்.

சொல்தேடி · 2 நவம்பர், இரவு 7.15

கொடுத்தேன் தம்பி. கட்டம் வரவில்லை, எழுத்து வந்தது. வரிசைதான் தப்பு.

பழைய கோடர் · 2 நவம்பர், இரவு 8.40

மாணவன் சொன்னதில் பாதி சரி. அந்த எல்லையைக் கொடுத்தால் ஒவ்வொரு குறிக்கும் உருவம் கிடைக்கும். ஆனால் தமிழுக்கு உருவம் இருந்தால் மட்டும் போதாது.

யூனிகோடில் "கெ" சேமிக்கப்படுவது முதலில் க, பிறகு கொம்பு என்ற வரிசையில். நாம் ஒலிக்கிற வரிசை அது. கண்ணுக்குக் கொம்பு முன்னால் வர வேண்டும். அதை மாற்றிப் போடவும், க-வையும் உகரத்தையும் சேர்த்துக் கு என்ற உருவத்தை எழுத்துருவிலிருந்து எடுக்கவும் நடுவில் ஒரு வேலை இருக்கிறது. உலாவியிலும் ஆண்ட்ராய்டிலும் அதைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற நூலகம். கோடோ 4 அதை உள்ளேயே வைத்திருக்கிறது. டெக்ஸ்ட் மெஷ் ப்ரோ அந்த வேலையைச் செய்வதில்லை. வந்த வரிசையில் உருவங்களை அடுக்கும். ஆங்கிலத்துக்கு அது போதும்.

கொக்கு என்று சொன்னது இதற்குத்தான். ஒரே சொல்லில் இருபுறமும் பிரிகிற ஒகரம், புள்ளி, உருவம் மாறுகிற உகரம் மூன்றும் இருக்கின்றன. "படம்" என்று போட்டுப் பார்த்திருந்தால் ஏறக்குறைய சரியாகத் தெரிந்திருக்கும். மூன்று மாதம் கழித்துத்தான் பிடிபட்டிருக்கும்.

யாழ் வாசி · 3 நவம்பர், காலை 6.30

நான் யூனிட்டியிலதான் ஒரு சின்னப் பிள்ளைகளின்ர விளையாட்டு செய்தனான். இந்தப் பிரச்சினைக்கு நாங்கள் யூனிகோட் இல்லாத பழைய பாமினி எழுத்துருவைப் பாவிச்சனாங்கள். யூனிகோடை பாமினிக்கு மாத்துற ஒரு சின்ன நிரல் எழுதி, மாத்தின எழுத்தை டெக்ஸ்ட் மெஷ் ப்ரோவுக்குக் குடுக்கிறது. பாமினியில கொம்பு உண்மையிலயே முன்னுக்குத்தான் இருக்கும், அதால ஒழுங்கா வரும். "தமிழ்" எண்டது உள்ளுக்க `jkpo;` எண்டு கிடக்கும். வேலை செய்யுது. ஆனா சொல்லை ஒப்பிட்டுப் பாக்கிறது, தேடுறது எல்லாம் யூனிகோட் பிரதியில தனியாச் செய்யவேணும். ரெண்டு பிரதி வைச்சிருக்கிறது பிறகு தலையிடி.

கட்டைவிரல் · 3 நவம்பர், காலை 11.18

யூனிட்டியை இவ்வளவு சீக்கிரம் தள்ள வேண்டியதில்லை. ஆறு வருடமாக அதில்தான் சோறு தின்கிறேன். இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, கட்டைகளுக்கு எழுத்துருவே வேண்டாம். தமிழில் மொத்தம் 247 எழுத்து. ஒவ்வொன்றையும் 128 பிக்சல் படமாக வரைந்து 16-க்கு 16 கட்டத்தில் அடுக்கினால் 256 இடம், ஒரே 2048 படத்தில் எல்லாம் அடங்கிவிடும். அழகான கையெழுத்தில்கூட வரையலாம். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும்.

இன்னொன்று, யூனிட்டி 6-இல் திரை அமைக்க உதவும் யுஐ டூல்கிட்டில் `Advanced Text Generator` என்று புதிதாக வந்திருக்கிறது. அதற்குள்ளும் ஹார்ஃப்பஸ்தான். ஒரு லேபிளில் போட்டுப் பார்த்தேன், எனக்குக் கொக்கு சரியாக வந்தது.

பழைய கோடர் · 3 நவம்பர், மதியம் 1.05

படம் யோசனை நல்லது, எந்த என்ஜினிலும் ஓடும். ஆனால் "நீரில் ஒற்றைக்காலில் நிற்கும் பறவை" மாதிரி ஒரு குறிப்பு வரி வேண்டுமென்றால் அதைப் படத்தில் அடுக்க முடியாது. மறுபடி எழுத்துரு வேண்டும்.

யுஐ டூல்கிட் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். நான் முன்னே எழுதியது டெக்ஸ்ட் மெஷ் ப்ரோவுக்கு மட்டும் பொருந்தும், யூனிட்டி முழுவதற்கும் அல்ல. ஒரு கவலை மட்டும்: புதிதாக வருபவர் பார்க்கும் வீடியோப் பாடங்கள் பெரும்பாலும் பழைய கான்வாஸையும் டெக்ஸ்ட் மெஷ் ப்ரோவையும் வைத்தே போகும். யுஐ டூல்கிட்டுக்கு அவர் வேறு பாதையில் நடக்க வேண்டும்.

சொல்தேடி · 3 நவம்பர், இரவு 9.55

கோடோவில் தொடர்கிறேன். எழுத்து சரியாக வந்தது ஒரு காரணம். இன்னொன்று, ஏதாவது மாற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தால் என் கணினியில் சட்டென்று திறக்கிறது. இரவில் எனக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம்.

சொல்தேடி · 9 நவம்பர் 2025, மாலை 4.10

சொல்லை எழுத்தாகப் பிரிப்பதில் சிக்கல். கோடோவின் நிரல் மொழியான ஜிடிஸ்கிரிப்டில் `"பூனைக்குட்டி".length()` என்று கேட்டால் 12 என்கிறது. பூ, னை, க், கு, ட், டி என்று ஆறுதானே. கட்டைகளைப் போட்டால் ஊகாரக் குறி, ஐகாரக் குறி, புள்ளி எல்லாம் தனித் தனிக் கட்டையாகப் புள்ளிவட்டத்தோடு வருகின்றன.

பழைய கோடர் · 9 நவம்பர், மாலை 5.33

யூனிட்டிக்குப் போயிருந்தாலும் இதே சிக்கல்தான். கணினி எண்ணுவது குறிகளை. ப ஒன்று, ஊகாரக் குறி ஒன்று என்று 12. யூனிட்டியின் மொழியான சி ஷார்ப்பில் இதற்கு `StringInfo` இருக்கிறது. கோடோவிலும் ஒரு வழி இருக்கிறது, ஆனால் அதற்கான விதித் தரவை `Include Text Server Data` என்று தனியாகச் சேர்க்க வேண்டும். தமிழுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் சார்புக் குறிகள் எல்லாம் யூனிகோடில் 0BBE-இலிருந்து புள்ளியான 0BCD வரை வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. அந்த எல்லைக்குள் எது வந்தாலும் முந்தைய எழுத்தோடு ஒட்டிவிடுங்கள்:

```gdscript
func letters(s: String) -> Array:
	var out = []
	for ch in s:
		var c = ch.unicode_at(0)
		if out.size() > 0 and c >= 0x0BBE and c <= 0x0BCD:
			out[-1] += ch
		else:
			out.append(ch)
	return out
```

க்ஷ என்பது க், ஷ என்று இரண்டாகப் பிரியும். நான்காம் வகுப்புப் பட்டியலில் அது வராது என்று நினைக்கிறேன்.

சொல்தேடி · 9 நவம்பர், இரவு 8.20

ஆறு கட்டை வந்தது. மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். பத்து நொடியில் பூனைக்குட்டியைக் கட்டிவிட்டு, "அடுத்தது?" என்றான். இதுவரை அந்த ஒரு சொல்தான் இருக்கிறது.

சொல்தேடி · 15 நவம்பர் 2025, காலை 10.45

கணினியில் எல்லாம் சரி. போனில் பூ என்ற கட்டையை ஒரு முறை தொட்டால் இரண்டு பூ விழுகிறது. திரை பழுதோ என்று கணவரின் போனிலும் போட்டேன், அங்கேயும் அதே. கீழே உள்ளதுதான் என் நிரல். கணினிக்கு ஒன்று, போனுக்கு ஒன்று என்று இரண்டையும் கவனிக்கிறேன்:

```gdscript
func _input(event):
	if event is InputEventMouseButton and event.pressed:
		pick(event.position)
	if event is InputEventScreenTouch and event.pressed:
		pick(event.position)
```

கட்டைவிரல் · 15 நவம்பர், காலை 11.30

கோடோ எனக்குப் பழக்கமில்லை. விரல் அதிர்ந்து இரண்டு தொடுதலாகப் பதிவாகியிருக்கலாம். யூனிட்டியில் நான் தொடுதலுக்குப் பிறகு கால் நொடி எதையும் ஏற்காமல் விடுவேன். அதைச் செய்து பாருங்கள்.

பழைய கோடர் · 15 நவம்பர், மதியம் 12.14

கால் நொடி நிறுத்தி வைத்தால் அறிகுறி மறையும், காரணம் அப்படியே இருக்கும். வேகமாகத் தொடும் பிள்ளையின் இரண்டாவது எழுத்தையும் அது விழுங்கிவிடும்.

கோடோ போனில் ஒவ்வொரு தொடுதலுக்கும் ஒரு போலி மவுஸ் சொடுக்கையும் சேர்த்து அனுப்பும். `Emulate Mouse From Touch` என்ற அமைப்பு முதலிலிருந்தே இயங்கு நிலையில் இருக்கும். மவுஸுக்கு எழுதிய விளையாட்டு போனிலும் ஓட வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். நீங்கள் இரண்டையும் கவனிப்பதால் ஒரே தொடுதல் இரண்டாக எண்ணப்படுகிறது. கணினியில் மவுஸிலிருந்து போலித் தொடுதல் வராது, அதனால் அங்கே தெரியவில்லை. சந்தேகமிருந்தால் `_input`-இன் முதல் வரியில் `print(event)` போட்டு, போனை யூஎஸ்பியில் இணைத்து ஓட்டுங்கள். ஒரு தொடுதலுக்கு இரண்டு வகை வரி வருவதைக் கண்ணால் பார்க்கலாம்.

தொடுதலுக்கான இரண்டு வரியை எடுத்துவிட்டால் தீர்ந்தது. இன்னும் நல்லது, கட்டை ஒவ்வொன்றையும் `Button` ஆக வைத்து அதன் `pressed` சமிக்ஞையைப் பிடிப்பது. இடம் கணக்கிடும் வேலையும் போய்விடும்.

சொல்தேடி · 15 நவம்பர், மாலை 3.40

அச்சிட்டுப் பார்த்தேன், இரண்டு வரி வந்தது. பட்டனாக மாற்றிவிட்டேன். ஒரு தொடுதலுக்கு ஒரு பூ.

சேலம் மாணவன் · 16 நவம்பர், இரவு 11.20

ஒரு சந்தேகம். எனக்கு அடுத்த வருஷம் கேம்பஸ் இன்டர்வியூ. கோடோ தெரிஞ்சா வேலை கிடைக்குமா, யூனிட்டி தெரிஞ்சா கிடைக்குமா?

கட்டைவிரல் · 17 நவம்பர், காலை 9.05

போன் விளையாட்டு நிறுவனங்களின் வேலை அறிவிப்புகளைப் படித்துப் பார், யூனிட்டியும் சி ஷார்ப்பும்தான் திரும்பத் திரும்ப வரும். வேலைக்காக என்றால் யூனிட்டி கற்றுக்கொள். ஆனால் நேர்காணலில் முடித்த விளையாட்டைத்தான் கேட்பார்கள். பாதியில் நிற்கும் ஐந்தைக் காட்டாதே. ஒன்றை முழுதாக முடி.

பழைய கோடர் · 17 நவம்பர், காலை 9.40

இதற்கு நானும் உடன்படுகிறேன். விளம்பரம் போட்டுக் காசு பார்க்க வேண்டும் என்றாலும் அப்படித்தான். யூனிட்டிக்கு விளம்பரச் செருகியை கூகுளே தருகிறது. கோடோவில் ஆர்வலர்கள் செய்த செருகிகளை நம்ப வேண்டும், என்ஜின் புதுப் பதிப்பு வரும்போது அவையும் புதுப்பிக்கப்படும் வரை காத்திருக்க வேண்டும். டீச்சருக்கு அது தேவையில்லை என்பதால்தான் நான் கோடோவைத் தடுக்கவில்லை.

சொல்தேடி · 19 நவம்பர் 2025, இரவு 8.15

சக ஆசிரியை ஒருவரின் போனில் திறந்தவுடன் மூடிக்கொள்கிறது. மற்ற ஆறு போனில் ஓடுகிறது. அவருடையது பழையது, 2 ஜிபி.

பழைய கோடர் · 19 நவம்பர், இரவு 8.50

ப்ராஜெக்ட் தொடங்கும்போது எந்த ரெண்டரரைத் தேர்ந்தெடுத்தீர்கள்? பெயரைப் பார்த்து `Mobile` என்று போட்டிருப்பீர்கள். அது வல்கன் என்ற புதிய வரைகலை முறையை நம்புகிறது. பழைய போன்களில் வல்கன் டிரைவர் சரியாக இருக்காது. எழுத்துக் கட்டை விளையாட்டுக்கு `Compatibility` போதும். அது பழைய முறையான ஓபன்ஜிஎல்லில் ஓடும். எடிட்டரின் வலது மேல் மூலையிலேயே மாற்றலாம்.

சொல்தேடி · 19 நவம்பர், இரவு 9.30

ஆம், மொபைல் என்றுதான் இருந்தது. மாற்றி அனுப்பினேன். இப்போது அவர் போனிலும் திறக்கிறது.

சொல்தேடி · 23 நவம்பர் 2025, இரவு 9.10

பிளே ஸ்டோருக்குக் கோப்பு எடுக்கப் போய் இரண்டு நாள் நின்றுவிட்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஏபிகே கோப்பை அங்கே ஏற்க மாட்டார்கள், ஏஏபி வேண்டும். அதற்குக் கோடோவில் `Use Gradle Build` டிக் செய்து, `Project` பட்டியலில் `Install Android Build Template` கொடுக்க வேண்டும். கொடுத்தேன். சிவப்பில் நீளமாகப் பிழை. நடுவில் இந்த வரி:

```
Unsupported class file major version 69
```

பழைய கோடர் · 23 நவம்பர், இரவு 9.52

69 என்றால் ஜாவா 25. இருப்பதில் புதியதை இறக்கியிருக்கிறீர்கள். கோடோ கேட்பது 17. ஏபிகே எடுக்கும்போது கிரேடில் என்ற கட்டும் கருவி ஓடவில்லை, அதனால் இதுவரை குத்தவில்லை. 17-ஐ நிறுவி, `Editor Settings`-இல் `Java SDK Path`-ஐ அதற்குத் திருப்புங்கள். பழையதை அழிக்க வேண்டாம்.

இந்த இடத்தில் யூனிட்டிதான் மேல். தனக்குப் பொருந்தும் ஜாவாவைத் தானே கொண்டுவந்துவிடும்.

இன்னொன்று. கையொப்பச் சாவிக் கோப்பை இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். 4.5-இல் தொடங்கியது நல்லதாகப் போயிற்று. இந்த நவம்பர் 1-லிருந்து 16 கேபி நினைவகப் பக்கத்துக்குப் பொருந்தாத புது ஆப்பை பிளே ஏற்பதில்லை, 4.5 அதற்குப் பொருந்தும்.

சொல்தேடி · 24 நவம்பர், இரவு 10.00

17 போட்டதும் வந்துவிட்டது. 25 டாலர் கட்டிக் கணக்குத் திறந்தேன். இப்போது பன்னிரண்டு பேர் பதினான்கு நாள் தொடர்ந்து சோதனையாளராக இருக்க வேண்டும் என்கிறது. அதற்குப் பிறகுதான் வெளியிட விண்ணப்பிக்கலாமாம். யூனிட்டியில் செய்திருந்தால் இது இருக்காதா?

யாழ் வாசி · 25 நவம்பர், காலை 6.10

எதில செய்தாலும் இருக்கும். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனியாள் கணக்கு எல்லாத்துக்கும் உள்ள விதி. முதல்ல இருபது பேர் கேட்டவை, பிறகு பன்னிரண்டாக் குறைச்சவை. பதினைஞ்சு பேரைச் சேருங்கோ. எனக்கு ஒராள் இடையில விலகி, பன்னிரண்டுக்குக் கீழ போய், நாள்க்கணக்கு திரும்பத் தொடங்கினது. என்னையும் ஒராளாப் போடுங்கோ.

சொல்தேடி · 25 நவம்பர், இரவு 7.30

நன்றி. பெற்றோர் ஒன்பது பேர், எங்கள் பள்ளி ஆசிரியைகள் நால்வர், நீங்கள், பழைய கோடர். பதினைந்து ஆயிற்று.

சொல்தேடி · 1 டிசம்பர் 2025, இரவு 8.45

சோதனையில் ஒரு பெற்றோர் எழுதியிருக்கிறார்: அவர் மகள் "கோபுரம்" சரியாகக் கட்டியும் தப்பு என்று சொல்கிறதாம். நானும் செய்து பார்த்தேன். கோ, பு, ர, ம். கண்ணுக்கு அச்சாக அதேதான். ஆனால் விடை தப்பு. மற்ற சொற்களில் இப்படி இல்லை.

பழைய கோடர் · 1 டிசம்பர், இரவு 9.25

பட்டியலில் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? கட்டைகளைப் பட்டியலிலிருந்துதான் பிரிக்கிறீர்கள் என்றால் இப்படி ஆகாதே.

சொல்தேடி · 1 டிசம்பர், இரவு 9.40

கட்டைகளை ஒரு பட்டியலிலிருந்தும் விடையைப் படத்தின் பெயரிலிருந்தும் எடுக்கிறேன். படப் பெயர்களை அடித்தது இன்னொரு ஆசிரியை, வேறு விசைப்பலகையில்.

பழைய கோடர் · 1 டிசம்பர், இரவு 10.10

அதுதான். கோ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வும் ஓகாரக் குறி 0BCB-யும் ஒரு விதம். க, பிறகு இரட்டைக்கொம்பு 0BC7, பிறகு துணைக்கால் 0BBE என்று மூன்றாக எழுதுவது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றே. `==` போட்டால் வேறு வேறு. `"கோபுரம்".length()` ஒரு பட்டியலில் 7 காட்டும், மற்றதில் 8 காட்டும். பார்த்து உறுதி செய்யுங்கள். சி ஷார்ப்பில் `Normalize()` என்று ஒரே சொல்லில் தீரும். ஜிடிஸ்கிரிப்டில் நாமே செய்ய வேண்டும்:

```gdscript
func fix(s: String) -> String:
	s = s.replace("\u0bc6\u0bbe", "\u0bca")
	s = s.replace("\u0bc7\u0bbe", "\u0bcb")
	return s.replace("\u0bc6\u0bd7", "\u0bcc")
```

கோப்பிலிருந்து படிக்கும் ஒவ்வொரு சொல்லையும் முதலில் இதில் போட்டு எடுங்கள். பிறகு `letters`. விடையையும் ஒரே இடத்திலிருந்து எடுங்கள்.

சொல்தேடி · 1 டிசம்பர், இரவு 10.35

7-ம் 8-ம் தான். நாற்பது சொல்லில் ஒகர ஓகாரம் வரும் பதினொன்றும் இப்படித்தான் இருந்தன. கோபுரத்தை மட்டும் அந்தப் பெண் முதலில் எட்டிவிட்டாள். திருத்திப் புதுப் பதிப்பு ஏற்றிவிட்டேன்.

சொல்தேடி · 6 டிசம்பர் 2025, மாலை 5.15

இன்னொன்று. கௌதாரிக்கு நான்கு கட்டை வருகிறது. கெ, ள, தா, ரி. `fix` போட்ட பிறகும் அப்படியே.

பழைய கோடர் · 6 டிசம்பர், மாலை 6.00

அடித்தவர் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பு போட்டு, பின்னால் ள என்ற எழுத்தையே அடித்திருக்கிறார். அச்சில் இரண்டும் ஒன்று போல் இருப்பதால் பலர் இப்படிச் செய்கிறார்கள். `fix`-இல் நான் போட்டிருப்பது 0BD7 என்ற தனிக் குறிக்கு. இங்கே இருப்பது உண்மையான ள.

சேலம் மாணவன் · 6 டிசம்பர், இரவு 7.20

அப்போ கொம்பு + ள வந்தா எல்லாத்தையும் ஔகாரமா மாத்திடலாமே. இன்னொரு `replace` வரி போதும்.

சொல்தேடி · 6 டிசம்பர், இரவு 7.45

போட்டால் "தெளிவு" என்ன ஆகும் தம்பி? அங்கே ள உண்மையிலேயே எழுத்து. வெள்ளரி, கெளுத்தி, தெள்ளு எல்லாம் கெட்டுவிடும். கெளுத்தி என் பட்டியலிலேயே இருக்கிறது, மீன் படத்தோடு.

பழைய கோடர் · 6 டிசம்பர், இரவு 8.10

டீச்சர் சொல்வது சரி. ள-வுக்குப் பின் குறி இருந்தால் விட்டுவிடலாம் என்று ஒரு விதி எழுதலாம், அது தெளிவையும் கெளுத்தியையும் காப்பாற்றும். ஆனால் "தெளதெள" மாதிரி வந்தால் அதுவும் தோற்கும். நிரலால் முழுதாகத் தீராது.

சொல்தேடி · 6 டிசம்பர், இரவு 8.30

ஔகாரச் சொல் என்னிடம் நான்குதான்: கௌதாரி, மௌனம், பௌர்ணமி, சௌகரியம். கையால் அடித்து மாற்றிவிட்டேன். பதினான்கு நாள் திங்களன்று நிறைகிறது. அரையாண்டுத் தேர்வு வேலை நடுவில் விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும்.